ஓடிடிக்குப் போகும் மாஸ்டர்

தியேட்டரில் ஓடி முடிந்த படத்தை ஓடிடி நிறுவனம் வாங்கியதும், தியேட்டருக்குக் கொடுத்த ஃபைலையே அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஃபைலின் நிறம் புரொஜக்டரின் வெளிச்சத்துக்கும், ஒலி பெரிய அரங்கின் ஸ்பீக்கர்களுக்கும் ஏற்றபடி அமைக்கப்பட்டது. வீட்டு டிவிக்கும் செல்போனுக்கும் வேறொரு மாஸ்டர் செய்தாக வேண்டும்.

அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை நெட்ஃபிளிக்ஸ் வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது. அது முதன்மையாகக் கேட்கும் வடிவம் ஐ.எம்.எஃப். இதில் படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் தனித்தனி ஃபைல்களாக இருக்கும். எது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று சொல்லும் பட்டியல் ஃபைல் ஒன்று கூடவே போகும்.

அதிகத் தலைவலி தருவது ஒலிதான். அங்கே கேட்கப்படும் சராசரி வசன அளவு மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ்.; இரண்டு யூனிட் கூடலாம், குறையலாம். எவ்வளவு பெரிய வெடிச்சத்தமாக இருந்தாலும் உச்சம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக் கூடாது.

உதாரணத்துக்கு ஒரு தமிழ்ப் படத்தின் தியேட்டர் மிக்ஸில் வசனம் மைனஸ் 31-இலும், சண்டைக் காட்சியின் உச்சம் மைனஸ் 1-இலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வசனத்தை 27-க்குக் கொண்டுவர மொத்த ஒலியையும் 4 டெசிபல் ஏற்றினால், சண்டை பிளஸ் 3-க்குப் போய்விடும். அனுமதித்த எல்லைக்கு மேல் 5 டெசிபல். சத்தம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்ற முடியாது. வசனத்தை உயர்த்தி, இசையையும் எஃபெக்ட்ஸையும் அடக்கி, சிறிய ஸ்பீக்கர்களில் கேட்டுக் கேட்டு மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனி ஸ்டெம்களாகக் கைவசம் இருந்தால்தான் இது சாத்தியம்.

பிற மொழி டப்பிங்குக்கும் இந்த ஸ்டெம்களே ஆதாரம். வசனத்தை நீக்கி, இசையும் எஃபெக்ட்ஸும் மட்டும் கொண்ட எம் அண்ட் இ டிராக்கைத் தனியே தருவார்கள். படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்த படமென்றால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாயகி பேசிக்கொண்டே மாடிப்படி இறங்குகிறார். குரலும் கொலுசுச் சத்தமும் ஒரே மைக்கில் பதிவாகியிருக்கின்றன. குரலை எடுத்தால் கொலுசும் போய்விடும். தெலுங்கு டப்பிங்கில் அவர் சத்தமே இல்லாமல் இறங்குவார். காலடி, கொலுசு, சேலையின் சரசரப்பு என்று எல்லாவற்றையும் ஃபோலி கலைஞர்கள் மறுபடி உண்டாக்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

சப்டைட்டிலுக்கு வருவோம். ஒரு வரி திரையில் குறைந்தது 5/6 விநாடி நிற்க வேண்டும். 7 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. காது கேளாதவர்களுக்கான கேப்ஷனில் வசனத்தோடு, கதவு தட்டும் ஓசை, திரைக்கு வெளியே பேசுபவர் யார் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

இதில் அடிக்கடி நேரும் கோளாறு, வரிகள் தாமதமாக வருவது. எப்படித் தாமதமாகின்றன என்று பார்த்தாலே காரணம் பிடிபடும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே அளவு தாமதம் என்றால், படத்தின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் போன்ற ஏதோ ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது. முதல் பாதி சரியாக இருந்து, பிறகு திடீரென்று பிசகினால், வெட்டியெடுத்த இன்டர்வல் கார்டைச் சந்தேகிக்கலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் வேகம் மாறியிருக்கிறது. மாஸ்டர் விநாடிக்கு 24 ஃபிரேம். சப்டைட்டில் எழுதியவருக்குப் போன வேலைப் பிரதியோ அதே ஃபிரேம்களை 23.976 வேகத்தில் ஓட்டியது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 150 நிமிடப் படத்தின் முடிவில் அது 9 விநாடியாகிவிடும். கிளைமாக்ஸில் வில்லன் செத்து விழுந்த பிறகு அவன் மிரட்டல் எழுத்தில் வரும். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடலாம்.

அதனால்தான் க்யூசியில் படத்தை முழுக்கப் பார்க்கிறார்கள். முதலில் மென்பொருள் சோதனை: ஐ.எம்.எஃப். கட்டமைப்பைச் சரிபார்க்க நெட்ஃபிளிக்ஸ் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட ஃபோட்டான் இருக்கிறது. ஒலி அளவையும் கறுப்பு ஃபிரேம்களையும் பிடிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. ஆனால் இருட்டுக் காட்சியில் ஒரே இடத்தில் மினுங்கும் பழுதான பிக்சலா, தூரத்து விளக்கா என்று தீர்மானிக்க மனிதக் கண் வேண்டும். ஷாட் மாறியும் அதே இடத்தில் மினுங்கினால் அது கேமராவின் பழுது.

பார்ப்பவர் ஒவ்வொரு குறையையும் டைம்கோடோடும் எவ்வளவு தீவிரமானது என்ற குறிப்போடும் எழுதித் தருகிறார். பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கொண்டு அந்தப் புள்ளியை மூடிய பிறகு, மாஸ்டர் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. திருத்திய ஃபிரேம்களும் புதிய பட்டியல் ஃபைலும் கொண்ட சிறு பொதி போதும். திருத்தம் செய்த இடத்தை, முன்னும் பின்னும் சேர்த்து, இன்னொரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே படம் ஏற்கப்படுகிறது.