36 கிலோமீட்டர் 30 ஆகும் வழி

கிடங்கிலிருந்து கிழக்கும் மேற்குமாக நீளும் ஒரே நேர்சாலை. கிழக்கே 1 கிலோமீட்டரில் அமுதா வீடு, 5-ல் செல்வம் வீடு. மேற்கே 2-ல் பாத்திமா வீடு, 10-ல் டேவிட் வீடு. நால்வருக்கும் பொட்டலம் கொடுத்துவிட்டு வண்டி கிடங்குக்குத் திரும்ப வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மிக அருகில் உள்ள வீட்டுக்கே போவது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அமுதா (1), பிறகு பாத்திமா (3), செல்வம் (7), கடைசியாக டேவிட் (15). திரும்ப 10. மொத்தம் 36 கிலோமீட்டர். அருகில் உள்ளதை முதலில் முடித்ததால், தூரத்து வீட்டின் சுமை கடைசியில் வந்து விழுகிறது.

இதைத் திருத்தும் இரட்டை இணைப்பு மாற்றத்தை 1958-ல் குரோஸ் வெளியிட்டார். பாதையில் இரண்டு இணைப்புகளை வெட்டி, நடுத்துண்டைத் தலைகீழாக்கி ஒட்ட வேண்டும். இங்கே அமுதா–பாத்திமா (3), செல்வம்–டேவிட் (15) இணைப்புகளை வெட்டுவோம், போனது 18. அமுதா–செல்வம் (4), பாத்திமா–டேவிட் (8) என்று சேர்ப்போம்; வந்தது 12. மற்றவை மாறவில்லை என்பதால் மொத்தம் 30. சாலையின் இரு முனைகளுக்கும் போய்வர எப்படியும் 30 வேண்டும். இதைவிடக் குறைக்க முடியாது.

வீடுகள் பெருகினால், எந்த ஜோடியை மாற்றினாலும் தூரம் குறையாத நிலை வரும்வரை இதையே தொடர வேண்டும். அங்கே நிற்கும் பாதை மிகச் சிறந்ததாகத்தான் இருக்கும் என்ற உறுதி இல்லை. ஒருவழிச் சாலைகள் இருந்தால், தலைகீழான துண்டின் தூரத்தையும் மறுபடி கூட்டிப் பார்த்த பிறகே மாற்றத்தை ஏற்க வேண்டும்.