மொய்ப் பணமும் வருமான வரி நோட்டீசும்

ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் செலுத்தப்பட்டால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். காதணி விழாவில் வந்த 11 லட்சம் ரூபாய் மொய்யை ஒரு தந்தை தன் கணக்கில் செலுத்தினார் என்று கொள்வோம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு நோட்டீஸ் வரலாம். மூலத்தை விளக்க முடியாத பணத்துக்கு வரி வழக்கத்தைவிடக் கூடுதல்.

அதற்கான முதல் ஆதாரம் மொய் நோட்டு. வழக்கமாக அதில் பெயர், ஊர், தொகை மட்டுமே இருக்கும். வரிக் கணக்குக்கு உறவுமுறையும் வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவியின் உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. பெரியப்பா மகன், அத்தை மகன், நண்பர் ஆகியோர் சட்டப்படி உறவினர் அல்லர்.

மேற்கண்ட 11 லட்சத்தில், நோட்டின்படி 4 லட்சம் உறவினர் தந்தது. மீதி 7 லட்சம் மற்றவர்கள் தந்தது. மற்றவர்கள் ஓராண்டில் தந்தவை சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி உண்டு. எனவே 7 லட்சமும் வருமானத்தில் சேரும். திருமணத்தில் மணமக்கள் பெறும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. காதணி விழா, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்கு இல்லை.

ஒரே நபரிடம் ஒரு விழாவுக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம் விதிக்கப்படலாம். மொய் எழுதும்போதே உறவுமுறைக்கு ஒரு பத்தி ஒதுக்குவது நல்லது.