ரிலீவர் வராத இரவு

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் இருந்த பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 170 அடி உயரக் கோபுரம் ஒன்றுக்குள் மூன்று மணி நேரமாகத் திரவம் ஏறிக்கொண்டிருந்தது. வெளியேற்றும் வழி மூடியே கிடந்தது. அடியில் ஆறேழு அடி நிற்க வேண்டிய திரவம் பாதிக் கோபுரத்தைத் தாண்டியும் ஏறியது. அளவுமானி மட்டும் பத்தடிக்கும் குறைவு என்று காட்டியது. கடைசியில் பொங்கி வழிந்து, ஆவியாகித் தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

பழுதான மானி, ஒலிக்காத அலாரம், ஆள் குறைப்பு என்று விசாரணையில் காரணங்கள் பல வெளிவந்தன. விசாரித்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் வருகைப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தது. கட்டுப்பாட்டு அறையில் திரைமுன் இருந்த ஆபரேட்டர் அன்றைக்குத் தொடர்ச்சியாக 29-வது நாளாக 12 மணி நேர ஷிப்டில் இருந்தார். இரவில் ஐந்தாறு மணி நேரம்தான் தூக்கம். உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்பவை வெவ்வேறு திரைகளில் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் கணக்கு உதைப்பது தெரிந்திருக்கும். களைத்த மூளை ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்குமே தவிர, இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்காது. இத்தனை நாள் வேலை பார்த்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் களைப்பு விதி எதுவும் அந்த ஆலையில் இருக்கவில்லை. வாரியத்தின் பரிந்துரைக்குப் பிறகு, 2010-இல்தான் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அதற்கென ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது.

நம்மூர் ஆலைகளில் இப்படியொரு விதியை எழுத உட்கார்ந்தால் முதலில் இடிப்பது ஷிப்ட் மாறும் நாள். காலை 6 முதல் 2 வரை ஏ ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை பி ஷிப்ட், 10 முதல் காலை 6 வரை சி ஷிப்ட் என்பது பழகிய ஏற்பாடு. பி ஷிப்ட் முடித்த ஒருவரை மறுநாள் ஏ ஷிப்டுக்குப் போட்டால், தாளில் எட்டு மணி நேர இடைவெளி இருக்கிறது. போதும்போலத் தோன்றும். பத்து மணிக்குப் பஞ்ச் வைத்து, பத்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறி, பதினொன்றேகாலுக்கு வீட்டில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது பன்னிரண்டரை ஆகிவிடும். காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க நாலேகாலுக்கு எழ வேண்டும். கையில் மிஞ்சுவது நான்கு மணி நேரம்கூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. போகவர இரண்டு மணி நேரம், சாப்பாடு குளியலுக்கு ஒன்றரை என்று கழித்தாலும் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு அதில் இடம் இருக்கிறது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று எல்லோருக்கும் பொதுவாக அது சொல்லவில்லை. பெண் தொழிலாளர்களுக்கு மட்டும், விடுமுறை நாளுக்குப் பிறகே ஷிப்டை மாற்றலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதையே எல்லோருக்கும் விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். வரிசையையும் ஏ, பி, சி என்று முன்னோக்கியே நகர்த்த வேண்டும். அப்போது ஒவ்வொரு மாற்றத்திலும் இடைவெளி தானாகவே 24 மணி நேரமாகிவிடுகிறது. செலவு எதுவும் இல்லை, பட்டியல் போடுகிறவர் மனசு வைத்தால் போதும்.

மீதிப் பாதி, ரிலீவர் வராத இரவில் இருக்கிறது. சி ஷிப்டுக்கு வர வேண்டியவர் வரவில்லை. பாய்லரையோ உலையையோ அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. சூப்பர்வைசர் பி ஷிப்ட்காரரிடம், "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் டபுள் பாத்துடுங்க" என்பார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், வீட்டுச் செலவும் இருக்கிறது. அவரும் தலையாட்டுவார். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே போவார். அன்று காலை ஏழு மணிக்கே எழுந்தவர் என்றால், நள்ளிரவுக்கே 17 மணி நேரம் விழித்தாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைகண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. இந்தியாவில் வண்டி ஓட்டுகிறவருக்கான வரம்பு 0.03 சதவீதம். குடித்துவிட்டு வந்தால் கேட்டிலேயே நிறுத்தும் ஆலை, இவரைத் தானே கேட்டுக்கொண்டு உள்ளே வைத்திருக்கிறது.

ஆகவே சுற்றறிக்கையில் "டபுள் கூடாது" என்று ஒரு வரி எழுதினால் வேலைக்கு ஆகாது. ரிலீவர் வராவிட்டால் யார் வருவார் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு முக்கிய இயந்திரத்துக்கும் அழைத்தால் வரக்கூடிய ஒருவர், அவருக்குக் காத்திருப்புப் படி, அவர் வந்து சேரும்வரை அதிகபட்சம் நான்கு மணி நேரம் மட்டும் நீட்டிப்பு, நீட்டித்தவருக்கு அடுத்த ஷிப்ட் தள்ளிப்போடப்படும் என்ற உறுதி. இவ்வளவும் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே விதியை மீறித்தான் ஆலை ஓடும்.

சோர்வைச் சொல்கிறவருக்குத் தண்டனை இல்லை என்ற பகுதி இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் தண்டனை பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை. "எனக்குக் கண்ணைச் சுத்துது, இன்னைக்கு கிரேன் வேணாம் சார்" என்று ஒருவர் சொன்னால் யாரும் அவருக்கு மெமோ கொடுக்கப்போவதில்லை. அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த அரை நாளில் மாத வருகை போனஸ் முழுசும் போய்விடும். அடுத்த மாதம் ஓவர்டைம் பட்டியலில் பெயர் இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் மறுநாள் காண்டிராக்டரிடமிருந்து போனே வராது. எனவே விதி சம்பளச் சீட்டு வரைக்கும் இறங்கிப் பேச வேண்டும். சோர்வைச் சொன்ன ஷிப்டுக்கு முழுச் சம்பளம், வருகை போனஸ் கணக்கில் வந்த நாளாகவே பதிவு, காண்டிராக்டரின் ஆட்களுக்கும் அதே உரிமை. அந்தச் செலவை ஆலை ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

சொன்னவுடன் சூப்பர்வைசர் என்ன செய்வார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பிரஸ், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், மின்வேலை ஆகியவற்றிலிருந்து விலக்கி வேறு வேலை தரலாம். அல்லது இருபது நிமிடம் படுக்கவைக்கலாம். எழுந்ததும் கால்மணி நேரத்துக்கு மந்தம் இருக்கும், உடனே இயந்திரத்துக்கு அனுப்பக் கூடாது. வீட்டுக்கு அனுப்புவதானால் ஆலை வண்டியில் அனுப்ப வேண்டும். தூங்கி வழிகிறவரை டூவீலரில் அனுப்பினால் விபத்து ஆலையிலிருந்து ரோட்டுக்கு மாறும், அவ்வளவுதான். ஒருவரே மாதத்தில் மூன்று நான்கு முறை சொன்னால் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியவர் ஆகமாட்டார். குடிபோதைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் எழுதிவிட்டால் நிர்வாகத்தின் முதல் ஆட்சேபம் அடங்கும்.

விதி நடக்கிறதா என்று பார்க்க பஞ்சிங் மெஷினே போதும். வெளியே வைத்த பஞ்சுக்கும் அடுத்து உள்ளே வைத்த பஞ்சுக்கும் இடையே 11 மணி நேரத்துக்குக் குறைந்த ஆட்கள் எத்தனை பேர் என்று மாதாமாதம் எடுத்து, பாதுகாப்புக் குழுவின் முன் வைக்கலாம். அதிலும் ஏமாற்ற வழி உண்டு. அவுட் பஞ்ச் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் வேலை பார்ப்பது ஒன்று, டபுளை வேறொருவர் பெயரில் எழுதிக்கொள்வது இன்னொன்று. கேன்டீன் டோக்கனையும் பஸ் பதிவையும் ஒத்துப்பார்த்தால் பிடிபடும். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் ஆறு மாதமாக ஒரு சோர்வுப் புகார்கூட வரவில்லை என்றால், யாருக்கும் களைப்பில்லை என்று பொருளல்ல. யாரும் அந்தப் போனஸ் வாக்குறுதியை நம்பவில்லை.

பதினோரு மணி நேரம் கொடுத்தாலும் தூக்கம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. சி ஷிப்ட் முடித்தவர் மே மாதப் பகலில் தகரக் கூரையின் கீழ் படுத்தால் மூன்று மணி நேரத்தில் வியர்த்து எழுந்துவிடுவார். வீட்டுக்குள் புகுந்து அதை ஆலை மாற்ற முடியாது. ஆலையின் விடுதியில் மாற்றலாம். பல விடுதிகளில் ஒரே அறையில் ஏ, பி, சி மூன்று ஷிப்ட் ஆட்களும் படுக்கிறார்கள். ஒருவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இன்னொருவர் தூக்கத்தில் பாதி வழியில் இருக்கிறார். அறைகளை ஷிப்ட் வாரியாகப் பிரித்து, சி ஷிப்ட் அறைகளின் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு முன் அந்த மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடக் கூடாது என்று வார்டனிடம் சொல்லிவைப்பதும் அதே சுற்றறிக்கையில் வர வேண்டிய வரிகள்தான்.