தயிர் வயிற்றோட்டத்திற்கு மருந்தா?

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தயிரோ, 'புரோபயோட்டிக்' என்று எழுதிய பொதியோ கொடுத்தால் குணமாகும் எனப் பலர் நம்புகின்றனர். இது எவ்வளவு உண்மை?

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணங்கிகளே புரோபயோட்டிக் என 2001 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது. ஆகவே உயிர், அளவு, நிரூபிக்கப்பட்ட நன்மை ஆகிய மூன்றும் வேண்டும். தயிரைக் கறியில் கொதிக்கவைத்தால் அந்த உயிர் போய்விடும்.

பிரிபயோட்டிக் என்பது கிருமியல்ல. குடலிலுள்ள நல்ல கிருமிகளின் உணவு. வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள இனுலின் என்னும் நார் அத்தகையது. அதைப் போதியளவு உண்டால் மலம் இலகுவாகக் கழியும்.

வயிற்றோட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வொன்று 2018 இல் வெளியானது. 971 சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பெயர்பெற்ற புரோபயோட்டிக் ஒன்றையும், மற்றவர்களுக்கு மருந்தற்ற தூளையும் ஐந்து நாட்கள் கொடுத்தனர். இரு பகுதியினருக்கும் வயிற்றோட்டம் ஏறத்தாழ 50 மணித்தியாலம் நீடித்தது. வித்தியாசம் இல்லை.

தயிர் நல்ல உணவுதான். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது இலகுவில் செமிக்கும். ஆனால் வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதற்கு ஜீவனிக் கரைசலே வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. கண் குழிவிழுந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.