கல்யாண வீடியோவில் ஊரும் கறுப்புப் பட்டைகள்

மண்டபத்தில் கண்ணுக்கு எல்லா விளக்கும் நன்றாகத்தான் எரிகிறது. எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால் மட்டும் மணமேடையின் குறுக்கே மங்கலான பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கேமரா பழுது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு, ஷட்டர் ஸ்பீடுக்கு வைத்த எண்ணில்தான் இருக்கும்.

நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்கு ஏறி இறங்குவதால், சோக்கு வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் விநாடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகின்றன. நல்ல எல்இடி விளக்கின் டிரைவர் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்துவிடும். மலிவு விளக்கில் அந்த வேலை அரைகுறைதான். இத்தனை வேகமான துடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் செல்போன் கேமராவின் சென்சார் படத்தை ஒரே நொடியில் மொத்தமாக எடுக்காமல், வரி வரியாகப் படித்துக்கொண்டு போகிறது. விளக்கு உச்சத்தில் இருந்தபோது பதிவான வரிகள் வெளிச்சமாகவும், தணிந்தபோது பதிவானவை இருட்டாகவும் விழுகின்றன. அந்த இருட்டு வரிகளின் கூட்டம்தான் நாம் பார்க்கும் பட்டை.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்புகளாக வெளிச்சம் கிடைத்தால் போதும். ஷட்டர் 1/100 என்றால் ஒரு துடிப்பு, 1/50 என்றால் இரண்டு. வரி எப்போது தொடங்கினாலும் கணக்கு சமம், பட்டைக்கு இடமில்லை. 1/60 வைத்தாலோ ஒரு முழுத் துடிப்பும் இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்கும். அந்த மிச்சத்தில் வரிக்கு வரி உச்சமோ தணிவோ மாட்டிக்கொள்கிறது.

இந்த 1/60 நமக்கு அமெரிக்க வீடியோ பாடங்களிலிருந்து வந்து சேர்ந்த பழக்கம் என்பது என் எண்ணம். விநாடிக்கு 30 பிரேம் எடுத்தால் ஷட்டரை 60-இல் வை என்று அங்கே சொல்கிறார்கள். அங்கே மின்சாரம் 60 சுற்று, விளக்கு 120 முறை துடிக்கிறது. 1/60 கச்சிதமாகப் பொருந்துகிறது. டொரன்டோவில் உறவினர் கல்யாணத்தைப் படமெடுப்பவர் அதையே வைக்கலாம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 1/50 தான்.

மேடை விளக்கைப் போட்டதும் ஒரு சோதனை செய்துபாருங்கள். போனில் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால், ஒளிந்திருக்கும் துடிப்பு அப்பட்டமாகத் தெரியும். இரண்டு மூன்று அகலப் பட்டைகள் தெரிந்தால் அது மின்சாரத்தின் துடிப்பு. 1/50-க்கு இறக்கியதும் மறைந்துவிடும். நெருக்கமான மெல்லிய கோடுகள் தெரிந்தால் டிம்மரோ எல்இடி திரையோ தன் சொந்த வேகத்தில் துடிக்கிறது. அதற்கு 1/50 உறுதியான மருந்தல்ல. டிம்மரை முழுதாக ஏற்றச் சொல்லுங்கள், அல்லது ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதியுள்ள கேமராவில் கோடு மறையும் எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

1/50-இல் படம் வெளுத்தால் ஐஎஸ்ஓவைக் குறைக்கவும். போதாவிட்டால் லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர். ஷட்டரை 1/100 தவிர வேறு எண்ணுக்கு ஏற்றினால் பட்டை திரும்பிவிடும். ஸ்லோமோஷனில் இந்தக் கணக்கு இடிக்கிறது. விநாடிக்கு 120 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/120-ஐவிட நீள முடியாது, ஒரு துடிப்புகூட முழுதாகக் கிடைக்காது. 100 பிரேம் எடுக்கும் கேமராவில் ஷட்டரை 1/100-இல் வைத்தால் தப்பிக்கலாம்.

சரி, தாலி கட்டியாகிவிட்டது, வீடியோ பட்டையோடு வந்துவிட்டது. 30 பிரேம், 1/60-இல் எடுத்ததாக இருந்தால் மீட்க வழி உண்டு. ஒரு பிரேமுக்கு மூன்றே கால் சொச்சம் துடிப்பு, மூன்று பிரேமுக்குச் சரியாகப் பத்து. அதாவது நான்காவது பிரேமில் பட்டை பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இடைப்பட்ட மூன்று பிரேமையும் சமமாகக் கலந்தால் ஒன்றின் இருட்டை மற்றவை நிரப்பிவிடும். எடிட்டிங்கில் அதே கிளிப்பை மூன்று லேயராக, ஒவ்வொன்றும் ஒரு பிரேம் தள்ளி அடுக்கி, ஒபாசிட்டியைக் கீழிருந்து 100, 50, 33 என்று வையுங்கள். இரண்டு லேயரோடு நிறுத்தினால் பட்டை பாதிதான் குறையும். ffmpeg தெரிந்தவருக்கு ஒரே வரி:

```
ffmpeg -i in.mp4 -vf tmix=frames=3 -c:a copy out.mp4
```

அசையாத பின்னணியில் இது நன்றாக வேலை செய்யும். அட்சதை தூவும் கைகளோ மூன்று மூன்றாகத் தெரியும். அதனால் ஆட்கள் இருக்கும் பகுதியை மாஸ்க் போட்டு ஒதுக்கி, பட்டை கண்ணை உறுத்தும் சுவருக்கும் திரைச்சீலைக்கும் மட்டும் கலவையைப் பூசலாம். டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில் Deflicker எஃபெக்டை Fluoro Light-இல் வைத்தும் முயலலாம். அசைவை அது ஓரளவு கவனித்துக்கொள்ளும். முகத்தின் மேல் ஆழமாக விழுந்த பட்டை அதிலும் முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.