லாபம் 78% கூடியது, பங்கு விலை 3% குறைந்தது: காலாண்டு அறிக்கையை எளிய தமிழில் எழுதுவது எப்படி?

டெல்லி சரோஜினி நகர் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு மாமாவைச் சந்தித்தேன். இதே பகுதியின் அரசுக் குடியிருப்பில் பல வருஷம் இருந்தவர். அந்த வீடுகளை இடித்து இப்போது அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அவரிடம் கொஞ்சம் ரிலையன்ஸ் பங்குகள் உண்டு. கையில் இருந்த போனைக் காட்டி, "ஏம்மா, லாபம் 78 பர்சென்ட் ஏறிடுச்சுன்னு வெள்ளிக்கிழமை மெசேஜ் வந்துது. திங்கக்கிழமை பார்த்தா விலை இறங்கியிருக்கு. யாரு பொய் சொல்றா?" என்று கேட்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. 2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை மாலை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தனது ஏப்ரல்-ஜூன் காலாண்டு முடிவுகளைப் பங்குச் சந்தைகளுக்கு அனுப்பியது. அதில் 78% என்ற எண் உண்மையாகவே இருந்தது. அடுத்த வர்த்தக நாளான திங்கட்கிழமை பங்கு விலை சுமார் 3% சரிந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு வரியை அந்தத் தமிழ் மெசேஜ் விட்டுவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருப்பார், அல்லது அம்மா இருப்பார். ஆங்கில பிடிஎஃப்பை அவர்களுக்குப் புரியும் பத்து வரித் தமிழ்க் குறிப்பாக மாற்றித் தர வேண்டும் என்றால் என்ன செய்வது? இதே அறிக்கையை வைத்துப் பார்ப்போம்.

முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

செபி விதிப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனம் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். நான்காவது காலாண்டுக்கு மட்டும், முழு ஆண்டுக் கணக்கோடு சேர்த்து, 60 நாட்கள் அவகாசம். பிஎஸ்இ, என்எஸ்இ இரண்டின் இணையதளத்திலும் நிறுவனத்தின் பெயரைத் தேடி, Announcements பகுதிக்குப் போனால் அந்த பிடிஎஃப் கிடைக்கும். என்எஸ்இயில் இந்த நிறுவனத்தின் குறியீடு RELIANCE, பிஎஸ்இயில் 500325.

பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கடிதம், ஆடிட்டரின் அறிக்கை, அட்டவணைகள், அட்டவணைக்குக் கீழே குறிப்புகள், கடைசியில் பத்திரிகைச் செய்தி என்பதுதான் வழக்கமான வரிசை. பெரும்பாலானவர்கள் பத்திரிகைச் செய்தியில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதியது, பெரிய எண்ணைத் தலைப்பில் வைப்பது இயல்பு. நீங்கள் அட்டவணையில் ஆரம்பியுங்கள்.

அட்டவணை இரண்டு இருக்கும். Standalone என்பது தாய் நிறுவனத்தின் கணக்கு மட்டும். Consolidated என்பது ஜியோ, ரீடெய்ல் போன்ற துணை நிறுவனங்களையும் சேர்த்த குடும்பக் கணக்கு. மாமாவின் பங்குக்கு முழுக் குடும்பமும்தான் பின்னணி என்பதால் இரண்டாவதை எடுப்போம். குறிப்பின் முதல் வரியிலேயே 'துணை நிறுவனங்களையும் சேர்த்து' என்று எழுதிவிடுங்கள்.

லாபம் என்றால் எந்த லாபம்?

இங்கேதான் முதல் குழப்பம். அந்த வெள்ளிக்கிழமை சில செய்திகள் லாபம் ரூ.30,783 கோடி என்றன, சில ரூ.26,994 கோடி என்றன. இரண்டும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன.

முதல் எண், குழுமம் முழுக்க வரி போக மிஞ்சியது. ஆனால் ஜியோவிலும் ரீடெய்லிலும் வெளி முதலீட்டாளர்களுக்கும் பங்கு இருக்கிறது. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கழித்த பிறகு ரிலையன்ஸ் பங்குதாரர்களுக்கு மிஞ்சுவதுதான் ரூ.26,994 கோடி. அட்டவணையில் 'attributable to owners' என்று வரும். அகராதியைப் பார்த்து 'உரிமையாளர்களுக்குக் காரணமான லாபம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'பங்குதாரர்களுக்குச் சேரும் லாபம்' என்றால் போதும்.

முந்தைய ஆண்டு இதே காலாண்டில் இது ரூ.15,138 கோடி. ஏற்றம் 78%. மெசேஜில் வந்த எண் இதுதான்.

அந்த விடுபட்ட வரி

இப்போது அட்டவணையின் மேல் பகுதிக்கு வாருங்கள். தொழிலில் இருந்து வந்த வருவாய் சுமார் 5%தான் கூடியிருக்கிறது. விற்பனை 5% கூடினால் லாபம் எப்படி 78% கூடும்? இந்தக் கேள்வி மனசுக்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விற்பனையும் லாபமும் இவ்வளவு தள்ளி ஓடினால், இடையில் ஏதோ ஒரு வரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வீங்கியது 'இதர வருமானம்' என்ற வரி. முந்தைய ஆண்டு ரூ.3,983 கோடி, இந்த முறை ரூ.15,119 கோடி. இதில் ரூ.8,924 கோடி, பட்டியலிடப்பட்ட முதலீடுகளை விற்றதில் கிடைத்த லாபம் என்று நிறுவனமே சொல்லியிருந்தது. அந்த முதலீடு, ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள். ரிலையன்ஸ் குழுமம் 2008 ஜனவரியில் சுமார் ரூ.500 கோடிக்கு வாங்கி வைத்திருந்த பங்குகளை 2025 ஜூனில் விற்றது.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் டி-ஷர்ட் விற்கும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மாசம் 40 ஆயிரம் மிஞ்சும். இந்த மாசம் பல வருஷம் முன்னாடி வாங்கிப் போட்ட நகையை விற்றதில் 30 ஆயிரம் லாபம் வந்தது, மொத்தம் 70 ஆயிரம். காசு நிஜம், கணக்கும் சரி. ஆனால் கடை வியாபாரம் 75% வளர்ந்துவிட்டது என்று அவரே சொல்லமாட்டார். அடுத்த மாசம் விற்க அந்த நகை இருக்காது.

கழிக்கிறேன் என்று தப்பாகக் கழிக்காதீர்கள்

இதைப் புரிந்துகொண்ட சிலர் அடுத்த தவறைச் செய்தார்கள். 26,994-இல் இருந்து 8,924-ஐக் கழித்து, 'உண்மை லாபம் ரூ.18,070 கோடி, ஏற்றம் 19%' என்று எழுதினார்கள். பார்க்கச் சரியாகத் தெரியும். ஆனால் 26,994 என்பது வரி கட்டிய பிறகான எண், 8,924 என்பது வரிக்கு முந்தைய எண். இரண்டையும் கலந்தால், விற்பனை லாபத்துக்கான வரி லாபத்தின் தலையில் இன்னொரு முறை விழுகிறது. உண்மையான எண் 18,070-க்கு மேல்தான் இருக்கும். எவ்வளவு மேல் என்பது அந்த வரியைத் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

வரிக்கு முந்தையதை வரிக்கு முந்தையதில் இருந்து கழிப்பதுதான் சுத்தமான வழி. வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்கும் முன்பான லாபத்தை EBITDA என்பார்கள். ரிலையன்ஸ் வெளியிட்ட எண்ணில் இதர வருமானமும் அடக்கம். இந்தக் காலாண்டில் அது ரூ.58,024 கோடி. 8,924-ஐக் கழித்தால் ரூ.49,100 கோடி. முந்தைய ஆண்டு ரூ.42,748 கோடி. ஆக, தொழில் தந்த ஏற்றம் சுமார் 15%. நிறுவனத்தின் பத்திரிகைச் செய்தியிலும் இந்த 15% இருந்தது. தலைப்பில் இல்லை, அவ்வளவுதான்.

எதோடு ஒப்பிடுவது?

அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று காலாண்டுகள் இருக்கும்: இந்த ஜூன், இதற்கு முந்தைய மார்ச், போன வருஷ ஜூன். பண்டிகை, பருவம் போன்றவை எண்களைப் பாதிப்பதால் போன வருஷ ஜூனோடு ஒப்பிடுவதுதான் வழக்கம். ஆனாலும் மார்ச் காலாண்டை ஒரு தடவை பாருங்கள். அப்போது பங்குதாரர் லாபம் ரூ.19,407 கோடி. முதலீட்டு விற்பனை இல்லாமல் இருந்தால் ஜூன் காலாண்டு மார்ச்சை இவ்வளவு தூரம் தாண்டியிருக்காது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மாமாவுக்கு எழுதிய குறிப்பு

கடைசியில் நான் அவருக்கு அனுப்பியது இது:

"ரிலையன்ஸ், ஏப்ரல்-ஜூன் 2025. துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு.

பங்குதாரர்களுக்குச் சேரும் லாபம் ரூ.26,994 கோடி. போன வருஷம் இதே மூன்று மாதத்தில் ரூ.15,138 கோடி.

இந்த ஏற்றத்தில் பெரும் பகுதி, கையில் இருந்த வேறு கம்பெனிப் பங்குகளை விற்றதில் வந்தது (வரிக்கு முன் ரூ.8,924 கோடி). இது ஒரு தடவை வருவது.

அதை விட்டுவிட்டுப் பார்த்தால், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் சுமார் 15% கூடியிருக்கிறது. வருவாய் சுமார் 5% கூடியிருக்கிறது.

இவை ஆடிட்டர் மேலோட்டமாகச் சரிபார்த்த காலாண்டுக் கணக்குகள். முழுத் தணிக்கை ஆண்டு முடிவில் நடக்கும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். மூலத்தில் 'unaudited' என்று இருக்கும். அதை 'தணிக்கை செய்யப்படாத' என்று அப்படியே போட்டால், ஏதோ மறைக்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். காலாண்டுக் கணக்குக்கு ஆடிட்டரின் வரையறுக்கப்பட்ட ஆய்வு போதும் என்பது விதி. அது தெரியும்படி எழுதுவதுதான் மொழிபெயர்ப்பு.

இன்னொன்று, குறிப்பில் 'வாங்கலாம்', 'விற்கலாம்' என்ற சொல் இல்லை. பங்குப் பரிந்துரை தருவதைத் தொழிலாகச் செய்ய செபியிடம் பதிவு வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்த அறிக்கை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. திங்கட்கிழமை விலை ஏன் இறங்கியது என்பதையும் இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வாங்குபவர்களும் விற்பவர்களும் முன்கூட்டியே எதை எதிர்பார்த்தார்கள் என்பது பிடிஎஃப்பில் இருக்காது. 78% என்ற எண்ணை மட்டும் பார்த்து அவர்கள் முடிவெடுக்கவில்லை என்பது வரை சொல்லலாம்.

மாமா படித்துவிட்டுப் பதில் அனுப்பினார்: "அப்போ அடுத்த தடவை இந்த 8,924 இருக்காது. அப்ப லாபம் குறைஞ்சுடுச்சுன்னு மெசேஜ் வருமே?"

வரலாம். இந்தக் குறிப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். 2026 ஜூலையில் இதே காலாண்டின் முடிவுகளை எடுக்கும்போது, ஒப்பிட வேண்டிய பழைய எண் 26,994-ஆ, விற்பனை லாபம் நீக்கிய எண்ணா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.