அந்த ஊசியை யார் போட்டிருக்க வேண்டும்?

நர்சிங் படிப்பில் சட்டமும் நெறியும் என்றொரு பாடம் உண்டு. அதற்கு அசைன்மென்ட் எழுதச் சொன்னால், அலட்சியம், பணி எல்லை, பொறுப்பேற்பு என்ற மூன்றுக்கும் இலக்கணம் எழுதியே பிள்ளைகள் பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட டெல்லி வழக்கு ஒன்றை எடுத்து எழுதினாலே போதும். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. உச்ச நீதிமன்றம் 1998 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது.

1993 டிசம்பர் கடைசியில் டைபாய்டு என்று ஒரு சிறுவனை அங்கே சேர்த்திருந்தார்கள். பெரிய டாக்டர் குளோராம்பெனிகால் ஊசி எழுதினார். அன்றைக்கு டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுத்த ஆன்டிபயாடிக் அது. நர்ஸ் அதைக் குளோரோகுயின் என்று படித்துவிட்டார். இது மலேரியாவுக்கான மருந்து. சிறுவனின் அப்பாவையே அனுப்பி மருந்தை வாங்கிவரச் செய்து, நரம்பில் ஏற்றினார். குளோரோகுயினை நேராக, வேகமாக ரத்தத்தில் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். போட்ட அளவோ குழந்தைக்கு உரியதைப் போல மூன்றரை மடங்கு. அம்மாவின் மடியில் இருந்தபடியே பையன் சரிந்தான். உயிர் தங்கியது. ஆனால் மூளைக்கு ஏற்பட்ட சேதம் மீளாதது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இதில் அலட்சியம் எது? கையெழுத்தைத் தவறாகப் படித்ததுதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். கண் ஏமாறுவது யாருக்கும் நடக்கும். சட்டம் அதற்கு அடுத்த நிமிடத்தைப் பார்க்கிறது. டைபாய்டு நோயாளிக்கு எதற்கு மலேரியா மருந்து? இந்த எடைக்கு இவ்வளவு டோஸா? சாதாரணத் திறமையுள்ள ஒரு நர்ஸ் அந்த இடத்தில் நின்றிருந்தால் கையை நிறுத்தி டாக்டரைக் கேட்டிருப்பாரா, மாட்டாரா? அதுதான் அளவுகோல். ஊரிலேயே கெட்டிக்கார நர்ஸோடு யாரும் ஒப்பிடுவதில்லை. நோயாளியிடம் கடமை இருந்தது, அதை மீறினார்கள், அந்த மீறலால்தான் கேடு வந்தது என்று மூன்றையும் காட்டினால் அலட்சியம் நிரூபணமாகிவிடும். கேடு எதுவும் விளையாவிட்டால் நஷ்டஈட்டு வழக்கு நிற்காது. அதனாலேயே செய்தது சரி என்று ஆகிவிடாது.

எனக்கு இந்த வழக்கில் பெரிதாகப் படுவது பணி எல்லைதான். ஊசியை டாக்டரே போட வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். டியூட்டியில் இருந்த டாக்டர் அதை நர்ஸிடம் விட்டுவிட்டார். அந்த நர்ஸோ தகுதி பெற்றவர் இல்லை, எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் அவர் பெயர் பதிவாகவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. தப்பு அப்பாவை மருந்துக் கடைக்கு அனுப்பும்போது தொடங்கவில்லை. அவரை வேலைக்கு எடுத்த அன்றே தொடங்கிவிட்டது. பணி எல்லை என்பது படிப்பு, பதிவு, பழக்கம் மூன்றும் சேர்ந்து வரைகிற கோடு. மேலே இருப்பவர் 'நீயே போட்டுடும்மா' என்று சொல்வதால் அந்தக் கோடு நகராது. வேலையை ஒப்படைத்தவரின் பொறுப்பும் அதோடு கைமாறிவிடாது.

தேசிய நுகர்வோர் ஆணையம் சிறுவனுக்கு 12.5 லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்கு 5 லட்சமும் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தன்னிடம் வேலை பார்ப்பவர் வேலையில் செய்த தவறுக்கு மருத்துவமனையே பதில் சொல்ல வேண்டும் என்பதே அடிப்படை.

நஷ்டஈட்டை நிர்வாகம் கட்டிவிட்டால் நர்ஸின் கணக்கு முடிந்ததா? இல்லை. பதிவு பெற்றவர் என்றால் கவுன்சில் கூப்பிட்டு விசாரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். (பெயரே இல்லாதவரை எங்கிருந்து நீக்குவது? பதிவில்லாத ஆளை வைத்துக்கொள்வதில் இந்த ஆபத்தும் இருக்கிறது.) இன்னொரு பக்கம் குற்ற வழக்கு. டாக்டர் ஒருவர் மீதான ஜேக்கப் மேத்யூ வழக்கில், 2005-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. நஷ்டஈட்டுக்குச் சாதாரண அலட்சியம் போதும், சிறைக்கு அனுப்ப அலட்சியம் படுமோசமானதாக இருக்க வேண்டும் என்றது.

நோயாளி இறந்துவிட்டால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வருகிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. சிகிச்சை அளிக்கும்போது பதிவு பெற்ற மருத்துவரால் நேர்ந்தது என்றால் இரண்டு ஆண்டு வரைதான். அந்தச் சலுகை யாருக்கு என்று பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. நர்ஸ்களின் பெயர் இருப்பது வேறு பதிவேட்டில்.